தங்கப் பத்திரம், வரியில்லாப் பத்திரம்: ஆண்டு வட்டிக்கும் முதிர்வுப் பணத்துக்கும் வரி எப்படி?

செட்டிநாட்டு மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து கல்யாணமாகி 2022-இல் சுங்கை சிப்புட் வந்தேன். இன்னும் இந்தியக் குடியுரிமைதான். ஊரில் என் பேரில் இருப்பவை இவை:

2019 டிசம்பரில் பேங்க் கிளையில் எழுதிக் கொடுத்து வாங்கிய தங்கப் பத்திரம் 40 கிராம், கிராம் 3,795 ரூபாய். காகிதச் சான்றிதழாக இருக்கிறது. அதே வெளியீட்டில் இன்னும் 20 கிராம் 2021-இல் பங்குச் சந்தையில் 4,700 ரூபாய் விலைக்கு வாங்கினேன், அது டீமேட்டில். இரண்டும் 2027 டிசம்பரில் முதிரும்.

அப்பா 2012-இல் வாங்கிய நெடுஞ்சாலை ஆணையத்தின் வரியில்லாப் பத்திரம் 200, முகமதிப்பு 1,000, வட்டி 8.30 விழுக்காடு. அவர் காலமான பிறகு என் பேருக்கு மாறிவிட்டது. அதே பத்திரத்தில் 100-ஐ நானே 2020-இல் சந்தையில் 1,180 ரூபாய் விலைக்கு வாங்கினேன். இவை 2027 ஜனவரியில் முதிரும்.

என் கேள்வி இரண்டு. வருஷா வருஷம் வரும் வட்டிக்கு எங்கே, எவ்வளவு வரி? முதிரும்போது வரும் பணத்தில் எதற்கு வரி உண்டு, எதற்கு இல்லை? தங்கம் இப்போது நல்ல விலையில் இருக்கிறது, உடனே விற்றுவிடு என்று கொழுந்தனார் சொல்கிறார்.

லிந்தாங் ராஜா

அக்கா, இதில் குழப்பமே இல்லை லா. தங்கப் பத்திரத்தை முதிர்வு வரைக்கும் வச்சிருந்தா லாபத்துக்கு வரி கிடையாது. முதல்ல வாங்கினதா, சந்தையில வாங்கினதா என்று யாரும் பார்க்கிறதில்லை. வரியில்லாப் பத்திரத்துக்குப் பேரிலேயே இருக்கு, ஒண்ணுமே கட்ட வேண்டாம். மலேசியாவுல மட்டும் பார்த்துக்குங்க, வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தா வரி வாரியத்து ஹாசில்காரன் பிடிப்பான்.

கித்தாமரம்

தங்கச்சி, நம்ம பேங்குல தங்கப் பாஸ்புக் கணக்கு இருக்கே, அதைத்தானே கேக்குறீங்க? தோட்டத்துல பழைய ஆளுங்க நிறைய பேரு அதுல போட்டு வச்சிருக்காங்க. அதுக்கு வட்டியே கிடையாதே, என்னத்துக்கு வரி?

ஈப்போ கணக்கர்

கித்தாமரம் அண்ணே, நீங்கள் சொல்வது வேறு. பாஸ்புக்கில் தங்க எடை மட்டும் ஏறும், இறங்கும். இவர் கேட்பது இந்திய அரசுக்காக ரிசர்வ் வங்கி வெளியிட்ட பத்திரம். எட்டு வருஷத் தவணை, நடுவில் அரையாண்டுக்கு ஒருமுறை ரூபாயில் வட்டி, முடிவில் அன்றைய தங்க விலை. நம் போன்ற மலேசியக் குடிமக்கள் அதை வாங்கவும் முடியாது. இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் கொடுத்தார்கள். வாங்கிய பிறகு வெளிநாடு வந்தவர் முதிர்வு வரை வைத்திருக்கலாம், இவர் கதை அதுதான். 2024 பிப்ரவரிக்குப் பிறகு புது வெளியீடும் வரவில்லை.

ராஜா தம்பி, நீங்கள் சொன்னது போன வருஷம் வரைக்கும் சரி. 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் அதை மாற்றிவிட்டார்கள். ஏப்ரல் 1-லிருந்து தங்கப் பத்திர லாபத்துக்கு விலக்கு வேண்டுமென்றால் மூன்று நிபந்தனை: தனிநபராக இருக்கணும், வெளியீட்டின்போதே வாங்கியிருக்கணும், முதிர்வு வரை இடைவிடாமல் வைத்திருக்கணும். சந்தையில் வாங்கியதற்கு இனிமேல் முதிர்வுப் பணத்திலும் வரி உண்டு. அதனால் இந்தத் தங்கச்சியின் 60 கிராமை ஒரே மூட்டையாகப் பார்க்கக் கூடாது. 40 ஒரு வகை, 20 இன்னொரு வகை.

முதலில் வட்டியை முடித்துவிடுவோம். தங்கப் பத்திரத்துக்கு வருஷம் 2.5 விழுக்காடு, அதுவும் வெளியீட்டு விலையின் மேல்தான். நீங்கள் 20 கிராமை 4,700-க்கு வாங்கியிருந்தாலும் வட்டி 3,795-ஐ வைத்தே கணக்காகும். 60 கிராமுக்கு வருஷத்துக்கு 5,692 ரூபாய் 50 காசு, அதில் பாதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். இது இந்தியாவில் வரிக்கு உட்பட்டது. ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் போகும், உங்கள் படிநிலை விகிதத்தில் வரி. ஊரில் குடியிருப்பவருக்கு இந்த வட்டியில் பிடித்தம் செய்வதில்லை, அதனாலேயே பலர் கணக்கில் காட்ட மறந்துவிடுகிறார்கள். உங்களை வெளிநாடுவாழ் என்று பேங்க் பதிவு செய்துவிட்டால் 30 விழுக்காடும் அதன் மேல் 4 விழுக்காடு செஸ்ஸும் சேர்த்து 31.2 பிடிக்கலாம். வருஷத்துக்கு ஏறக்குறைய 1,776 ரூபாய்.

ஆனால் அது இறுதி வரி இல்லை. இந்தியாவில் உங்களுக்கு வேறு வருமானம் பெரிதாக இல்லையென்றால் புதிய முறையில் 4 லட்சம் வரை அடிப்படை விலக்கு இருக்கிறது, வெளிநாடுவாழ் இந்தியருக்கும் உண்டு. ரிட்டர்ன் போட்டால் பிடித்தது திரும்ப வரும். வருமானம் அந்த வரம்பைத் தாண்டுகிறவராக இருந்தால் இந்தியா-மலேசியா வரி ஒப்பந்தம் உதவும். அதில் வட்டிக்கு உச்சவரம்பு 10 விழுக்காடு. அதைக் கேட்க ஹாசிலிடமிருந்து அந்த வருஷத்துக்கான வசிப்பிடச் சான்றிதழ் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வரியில்லாப் பத்திர வட்டி நேர்மாறு. 300 பத்திரத்துக்கு வருஷம் 24,900 ரூபாய். இந்திய வரி சுழி, நீங்கள் எங்கே குடியிருந்தாலும் சரி. ரிட்டர்னில் ‘விலக்கு வருமானம்’ பகுதியில் தொகையைக் காட்டினால் போதும். 1,180 கொடுத்து வாங்கியதாலும் விலக்கு போகாது.

லிந்தாங் ராஜா

சரிங்க ஐயா, பட்ஜெட் விஷயம் எனக்குத் தெரியல. ஆனா வரியில்லாப் பத்திரத்துல முதிர்வுப் பணமும் வரியில்லாததுதானே? 1,000 போட்டு 1,000 வருது, லாபமே இல்லை.

ஈப்போ கணக்கர்

1,000 கொடுத்து வாங்கியவருக்கு லாபம் இல்லை, அதனால் வரி இல்லை. விலக்கு இருப்பதால் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘வரியில்லா’ என்ற சலுகை வட்டிக்கு மட்டும்தான். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தங்கச்சியின் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

பத்திரத்தை நிறுவனம் திருப்பி எடுத்துக்கொள்வதும் சட்டத்தின் பார்வையில் கைமாற்றம்தான். முன்னுரிமைப் பங்கு மீட்பு பற்றிய அனார்கலி சாராபாய் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1997-இல் அப்படித்தான் சொன்னது. அதனால்தான் தங்கப் பத்திரத்துக்குத் தனியாக ‘இது கைமாற்றம் ஆகாது’ என்று சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. வரியில்லாப் பத்திரத்துக்கு அப்படி எழுதவில்லை. லாபம் வந்தால் மூலதன ஆதாயம், நட்டம் வந்தால் மூலதன நட்டம்.

அப்பாவின் 200-க்கு அவர் போட்ட விலையே உங்கள் விலை. 1,000-க்கு 1,000, கணக்கு முடிந்தது. நீங்கள் வாங்கிய 100-ஐப் பாருங்கள்: 1,18,000 போட்டீர்கள், 1,00,000 வரும். 18,000 ரூபாய் நீண்டகால மூலதன நட்டம். பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். ‘வரியில்லாப் பத்திரம்தானே, இதில் என்ன காட்டுவது’ என்று ரிட்டர்னில் எழுதுவதே இல்லை. அந்த 18,000 உங்களுக்குப் பணம்.

செட்டிநாட்டு மருமகள்

ஐயா, அந்த நட்டத்தைத் தங்கத்தின் லாபத்தில் கழிக்க முடியுமா? ஆனால் ஒன்று 2027 ஜனவரி, இன்னொன்று 2027 டிசம்பர். ஒரே காலண்டர் வருஷம்தானே?

ஈப்போ கணக்கர்

காலண்டர் ஒன்று, வரி ஆண்டு இரண்டு. நாம் இங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை பார்த்துப் பழகியவர்கள், இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச் வரை. 2027 ஜனவரி நட்டம் 2026-27 கணக்கில் விழும், டிசம்பர் லாபம் 2027-28 கணக்கில். ஆகவே நட்டத்தை முன்னெடுத்துச் செல்ல வேண்டும். எட்டு வருஷம் வரை அனுமதி, நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். இதற்கு 2026-27 ரிட்டர்னை 2027 ஜூலை 31-க்குள் போட்டே ஆகணும். ஆகஸ்டில் தாமதக் கட்டணம் கட்டிப் போட்டால் ரிட்டர்ன் ஏறும், நட்டம் அடுத்த வருஷத்துக்குப் போகாது. வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகப் போடுங்கள்.

இப்போது 20 கிராம் கணக்கு. முதிரும் அன்று கிராம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்த விலை, கணிப்பு இல்லை.

கிராமுக்கு லாபம் 9,300, இருபதுக்கு 1,86,000. விகிதம் 12.5 விழுக்காடு, பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. நட்டத்தைக் கழிக்காவிட்டால் வரி 23,250, செஸ் 930, மொத்தம் 24,180. நட்டம் 18,000-ஐக் கழித்தால் லாபம் 1,68,000, வரி 21,000, செஸ் 840, மொத்தம் 21,840. நேரத்தோடு ஒரு ரிட்டர்ன் போட்டதில் 2,340 ரூபாய் மிச்சம்.

இதில் வெளிநாடுவாழ் இந்தியருக்கு ஒரு குறை உண்டு. ஊரில் குடியிருப்பவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அந்த 4 லட்ச அடிப்படை விலக்கில் மிச்சம் இருப்பதை இந்த லாபத்தின் மேல் போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு அது கிடையாது. வட்டிக்கு விலக்கு வேலை செய்யும், நீண்டகால லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்து வரி. காரைக்குடியில் இருக்கும் உங்கள் தோழி இதே 20 கிராமுக்கு ஒன்றும் கட்டாமல் போகலாம், நீங்கள் கட்டுவீர்கள். அவர் கணக்கைப் பார்த்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

மீனா, கோலகங்சார்

எங்கள் அம்மா திருச்சியில் தங்கப் பத்திரம் வைத்திருந்தார். நாமினி நான். அவர் தவறிவிட்டார். அவர் வெளியீட்டின்போதே வாங்கியது. நான் முதிர்வு வரை வைத்திருந்தால் எனக்கு அந்த விலக்கு வருமா?

ஈப்போ கணக்கர்

மீனா, வெளிநாட்டில் இருக்கும் நாமினி முதிர்வு வரை வைத்திருக்கலாம், அதில் தடை இல்லை. வட்டியும் முதிர்வுப் பணமும் இந்தியாவிலேயே நிற்க வேண்டும், இங்கே கொண்டுவர அனுமதி இல்லை. வரி விலக்கு பற்றி என் கருத்து உங்களுக்குச் சாதகம்தான், ஆனால் ‘வெளியீட்டில் வாங்கி இடைவிடாமல் வைத்திருந்த தனிநபர்’ என்ற வாசகத்தில் வாரிசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதை நம்பிச் செலவுக்குத் திட்டம் போடாதீர்கள். அம்மாவின் ஒதுக்கீட்டுச் சான்றிதழையும் பெயர் மாற்றக் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள்.

லிந்தாங் ராஜா

அப்ப 40 கிராமை இப்பவே ரிசர்வ் வங்கிக்கே திருப்பிக் கொடுத்தா? அஞ்சு வருஷம் தாண்டியாச்சு, வட்டி தேதியில முன்கூட்டியே கொடுக்கலாம்னு இருக்கே. சந்தையில விக்கலையே, விலக்கு நிக்கணும்.

ஈப்போ கணக்கர்

நல்ல கேள்வி தம்பி. பழைய வாசகத்தில் ‘மீட்பு’ என்று மட்டும் இருந்தது, முன்கூட்டிய மீட்பும் அதில் அடங்கியது. புதிய வாசகத்தில் ‘முதிர்வில் மீட்பு’. என் வாசிப்பில் ஐந்தாம் வருஷ வாசல் அடைபட்டுவிட்டது. வேறு மாதிரி வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். 40 கிராமில் எவ்வளவு பணயம் என்று பாருங்கள்: அதே 14,000 விலையில் லாபம் 4,08,200. விலக்கு போனால் வரி 51,025, செஸ் 2,041, மொத்தம் 53,066. 2027 டிசம்பர் வரை பொறுத்தால் அது சுழி. விலை விழும் என்ற பயம் இருந்தால் எவ்வளவு விழுந்தால் இந்த 53,066-ஐ இழந்ததற்குச் சமம் என்று கணக்குப் போடலாம். 40 கிராமுக்குக் கிராமுக்கு ஏறக்குறைய 1,327 ரூபாய். அதற்கு மேல் விழும் என்று உறுதியாக நினைப்பவர்தான் இப்போது விற்கணும். கொழுந்தனாரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, தங்கச்சி. உங்கள் 40 காகிதத்தில், 20 டீமேட்டில் என்றீர்கள். அப்படியே விடுங்கள். யாராவது ‘எல்லாவற்றையும் டீமேட்டில் சேர்த்துவிடு, ஒரே இடத்தில் இருக்கும்’ என்று சொன்னால் கேட்காதீர்கள். ஒரே டீமேட்டில் ஒரே வெளியீட்டுப் பத்திரம் இருந்தால் முதலில் உள்ளே வந்தது முதலில் வெளியே போனதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். டீமேட்டில் ஏறிய தேதிதான் கணக்கு, வாங்கிய தேதி இல்லை. அதனால் முன்பே அங்கே இருக்கும் உங்கள் 20-தான் முதலில் போகும். ஆனாலும் எது வெளியீட்டில் வாங்கியது என்று கேட்டால் காகிதச் சான்றிதழ் ஒரு பார்வையில் பதில் சொல்லும்.

செட்டிநாட்டு மருமகள்

காகிதத்திலேயே வைத்துவிடுகிறேன். ஒன்று கேட்க மறந்துவிட்டேன். என் பழைய சேமிப்புக் கணக்கில்தான் வட்டி விழுகிறது. அதை வெளிநாடுவாழ் கணக்காக மாற்றவில்லை.

ஈப்போ கணக்கர்

அதை முதலில் சரிசெய்யுங்கள். குடியிருப்பு மாறியதும் அந்தக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றியிருக்க வேண்டும், டீமேட்டையும் அப்படியே. மாற்றும்போது கணக்கு எண் மாறினால் இரண்டு இடத்தில் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: தங்கப் பத்திரம் வாங்கிய பேங்க் கிளையில் காகிதத்துக்கு, டீமேட் வைத்திருக்கும் தரகரிடம் மற்றதற்கு. ஒன்றில் சொன்னது இன்னொன்றுக்குப் போகாது. பழைய எண்ணுக்கு அனுப்பிய வட்டி திரும்பிவிடும், நீங்கள் ஆறு மாதம் கழித்துத்தான் கவனிப்பீர்கள். வரியில்லாப் பத்திரத்துக்கு 2027 ஜனவரி நெருங்கிவிட்டது, டிசம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

அந்த ஜனவரியில் பேங்க்கில் விழும் பணத்தில் முகமதிப்பும் கடைசி வட்டிக்குப் பிறகான நாட்களுக்குரிய துண்டு வட்டியும் இருக்கும். துண்டு வட்டியை விலக்கு வருமானத்தில் காட்டுங்கள், 1,000 மட்டும் மூலதனக் கணக்குக்குப் போகும். இரண்டையும் ஒன்றாக்கினால் நட்டம் குறைந்து தெரியும். அதே போல 2020-இல் வாங்கிய ஒப்பந்தச் சீட்டைத் தேடி எடுங்கள். தரகையும் சேர்த்து என்ன விலை போட்டீர்களோ அதுதான் உங்கள் செலவு. சந்தை விலையில் அதுவரை சேர்ந்த வட்டியும் கலந்திருக்கும், அதைப் பிரித்துக் கழிக்க முயல வேண்டாம்.

கித்தாமரம்

இந்தியா பக்கம் புரிஞ்சுது. நம்ம ஹாசில்? ராஜா தம்பி பயமுறுத்தினாரே.

ஈப்போ கணக்கர்

தனிநபர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு 2022 ஜனவரியிலிருந்து விலக்கு இருக்கிறது. முதலில் 2026 கடைசி வரை என்றார்கள், பிறகு 2036 டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். பங்குச் சொத்து ஆதாயத்துக்கு இங்கே 2024-இல் வந்த வரி கம்பெனிகளைப் பார்த்து எழுதியது, தனிநபருக்கு இல்லை. ஆகவே தங்க லாபத்தைப் பற்றி மலேசியாவில் கவலை வேண்டாம்.

வட்டிக்கு ஒரு நிபந்தனை உண்டு, வருமானம் பிறந்த நாட்டில் வரிக்கு உட்பட்டிருக்க வேண்டும். தங்கப் பத்திர வட்டி அங்கே வரிக்கு உட்பட்டதுதான், சிக்கல் இல்லை. வரியில்லாப் பத்திர வட்டிதான் இடறும். அங்கே சட்டமே விலக்கிவிட்ட வருமானத்தை ‘உட்பட்டது’ என்று ஹாசில் எடுத்துக்கொள்ளுமா?

லிந்தாங் ராஜா

எடுத்துக்கும்னுதான் நினைக்கிறேன். விலக்கு கொடுத்ததும் வரிச் சட்டம்தானே.

மீனா, கோலகங்சார்

எனக்குச் சொன்னவர் எடுத்துக்கொள்ளாது என்றார். அதனால் அந்த வட்டியை ஊரிலேயே விட்டுவைத்து அண்ணன் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுக்கிறோம். இங்கே கொண்டுவராத பணத்துக்குக் கேள்வி இல்லையே.

ஈப்போ கணக்கர்

மீனா செய்வது பாதுகாப்பான வழி. கொண்டுவந்தே ஆகணும் என்றால் ஈப்போ கிளையில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கவுன்டரில் வாயால் சொன்ன பதிலை வைத்துப் பாரம் நிரப்பாதீர்கள். தங்கச்சி, உங்கள் வருஷ வட்டி 24,900 ரூபாய். கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

செட்டிநாட்டு மருமகள்

நன்றி ஐயா. என்ஆர்ஓ மாற்றத்துக்கு இந்த வாரமே எழுதுகிறேன். ஒப்பந்தச் சீட்டு 2020 மின்னஞ்சலில் இருக்கணும், தேடுகிறேன். கிராமுக்கு 1,327 என்ற கணக்கைக் கொழுந்தனாரிடம் சொன்னேன், அவர் இன்னும் தங்கம் விழும் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். 40-ஐ நான் தொடவில்லை. 20-ஐ விற்பதா வேண்டாமா என்றுதான் யோசனை. எப்படியும் வரி உண்டு என்றால் முதிர்வுக்குக் காத்திருப்பதில் அதற்கு என்ன லாபம்?

ஈப்போ கணக்கர்

வரி அளவில் ஒன்றுமில்லை. இன்று விற்றாலும் முதிர்வில் எடுத்தாலும் 12.5 விழுக்காடுதான். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். சந்தையில் இந்தப் பத்திரத்துக்கு வாங்குபவர் குறைவு, அன்றைய தங்க விலையை விடக் கீழே கேட்பார்கள். முதிர்வில் முழு விலை. இன்னொன்று, 2026 ஏப்ரல் 1-லிருந்து 2027 மார்ச் 31-க்குள் விற்றால் லாபமும் அந்த 18,000 நட்டமும் ஒரே வரி ஆண்டில் விழும், முன்னெடுத்துச் செல்லும் வேலை மிச்சம். விற்பதாக இருந்தால் அந்த வரி ஆண்டுக்குள் விற்பதுதான் உங்களுக்கு வசதி.